நிஃப்டி பிரேக்அவுட் சிஸ்டம்: லைவ் முடிவு பேக்டெஸ்ட்டைவிடக் குறைகிறது, எப்போது நிறுத்துவது?

திருமங்கலத்தான்

அனைவருக்கும் வணக்கம். நான் விளக்குத்தூண் பகுதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பகல் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், நிஃப்டி ஃபியூச்சர்ஸில் விதிகளால் மட்டுமே நடக்கும் ஒரு சிஸ்டத்தை வைத்திருக்கிறேன். காலை 9:15 முதல் 9:30 வரையிலான உச்சத்தை உடைத்தால் வாங்குதல், தாழ்வை உடைத்தால் விற்றல், எதிர்ப்பக்கம் ஸ்டாப் லாஸ், மாலை 3:15-க்கு வெளியேறுதல் என்பவையே அதன் விதிகள். நாளுக்கு ஒரு வணிகம்தான். தொடக்க வரம்பு மிகவும் அகலமாக இருக்கும் நாள்களில் சிக்னல் கிடையாது.

2016 முதல் 2023 வரையிலான பேக்டெஸ்ட்டில், ஒப்பந்த மதிப்பில் ஓர் இலட்சத்துக்கு ஒரு வணிகத்தில் சராசரியாக 40 ரூபாய் நின்றது. திட்ட விலக்கம் 400 ரூபாய். புள்ளிக் கணக்கில் எழுதாமல் இலட்சத்துக்கு இவ்வளவு என்று எழுதக் காரணம், நிஃப்டி 8,000-இல் இருந்தபோது வந்த 30 புள்ளியும் 25,000-இல் வரும் 30 புள்ளியும் ஒன்றல்ல என்பதே.

2024 அக்டோபரில் லைவில் தொடங்கினேன். ஒன்பது மாதங்களில் 144 வணிகங்கள் முடிந்திருக்கின்றன. சராசரி 4 ரூபாய். இந்த சிஸ்டம் செத்துவிட்டதா, அல்லது இது சாதாரண மோசமான காலமா என்பதை எப்படி அறிவது? நிறுத்துவதென்றால் எந்த விதியின்படி நிறுத்துவது?

உசிலை ராசா

அண்ணே, இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. பேக்டெஸ்ட்டில் வந்த மிகப்பெரிய டிராடவுனை எடுத்துக்கொள்ளுங்கள், அதை ஒன்றரையால் பெருக்குங்கள், லைவ் டிராடவுன் அதைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள், தாண்டாதவரை கையை வைக்காதீர்கள். நான் மூன்று சிஸ்டங்களை இப்படித்தான் நடத்துகிறேன். விதியை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதால் மனம் அலைபாய்வதில்லை.

மேலூர்க்காரர்

ஸ்டாப் லாஸை எதிர்ப்பக்கத்தில் வைப்பதால்தான் நட்டம் பெரிதாகிறது என்று நினைக்கிறேன். தொடக்க வரம்பின் நடுவில் வைத்துப் பாருங்கள்.

என்னுடைய அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பேங்க் நிஃப்டியில் வாராந்திர எக்ஸ்பைரி நாளன்று ஆப்ஷன் விற்கும் ஒரு முறையை வைத்திருந்தேன், நன்றாக நடந்தது. 2024 நவம்பரில் பேங்க் நிஃப்டி வாராந்திர எக்ஸ்பைரியே நின்றுபோனது. அதே முறையை நிஃப்டி வாராந்திரத்துக்கு மாற்றினேன். அங்கே பழைய முடிவுகள் வரவில்லை. ஆகவே சிஸ்டங்கள் தேய்வது இயல்பு என்பதே என் கருத்து.

வைகை வடகரை

திருமங்கலத்துத் தம்பி தேவையான எண்களை எல்லாம் கொடுத்துவிட்டார் என்பதால் நேராகக் கணக்குக்கே போகலாம்.

ஒரு வணிகத்தின் திட்ட விலக்கம் 400 என்றால், 144 வணிகங்களின் சராசரியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பிழை 400-ஐ 12-ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 33 ரூபாய். எதிர்பார்த்தது 40, வந்தது 4, குறைவு 36. பிழையளவு ஒன்றுக்குச் சற்று மேலேயே குறைவு நிற்கிறது. சிஸ்டத்துக்கு எந்தக் கேடும் வராமலிருந்தாலும், இவ்வளவு மோசமான ஒன்பது மாதம் ஏழில் ஒரு முறை வரும். இந்த எண்ணை வைத்து இது செத்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது, உயிரோடிருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

இன்னும் எத்தனை வணிகங்கள் பொறுத்திருந்தால் தெரியும் என்று கேட்டால், 40 ரூபாய் தரும் சிஸ்டத்தையும் சுழியம் தரும் சிஸ்டத்தையும் ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய 600-க்கு மேற்பட்ட வணிகங்கள் வேண்டும், உங்கள் வேகத்தில் அது மூன்று ஆண்டுகளுக்கும் அதிகம். லாப நட்டக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர், பதில் கிடைக்கும் முன்பே பணத்தையோ பொறுமையையோ இழந்துவிடுவார்.

ஆகவே அந்த 36 ரூபாய்க் குறைவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பேக்டெஸ்ட் நிரலை எந்த மாற்றமும் செய்யாமல், நீங்கள் லைவில் இருந்த அதே ஒன்பது மாதத் தரவின் மீது ஓட்டுங்கள். இதை நிழல் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். லைவுக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளி, உங்கள் ஆர்டர், செலவு, நிரல் ஆகியவற்றால் வந்தது. நிழலுக்கும் பழைய பேக்டெஸ்ட்டுக்கும் உள்ள இடைவெளிதான் சந்தையால் வந்தது, அல்லது பேக்டெஸ்ட்டே மிகையாக இருந்ததால் வந்தது.

முதல் இடைவெளியை வணிகத்துக்கு வணிகம் கழித்துப் பார்ப்பதால், அன்று சந்தை ஏறியதா இறங்கியதா என்ற பெரிய அலைச்சல் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வாங்கிய மல்லிகையின் எடையையும் கடையில் விற்ற எடையையும் ஒப்பிடுகிறவருக்கு, அந்த மாதம் விலை எப்படிப் போனாலும், வழியில் எவ்வளவு குறைந்தது என்பது சில நாள்களிலேயே தெரிந்துவிடுவதைப் போன்றதுதான் இது.

ராசாவின் விதியைப் பற்றியும் மேலூர் அண்ணன் சொன்னதைப் பற்றியும் பிறகு எழுதுகிறேன். முதலில் தம்பி நிழல் கணக்கைப் போட்டுவிட்டு வரட்டும்.

சிம்மக்கல் சிவா

குறைவுக்குக் காரணம் நம் ஊர் இணைய வேகமாகத்தான் இருக்கும். பங்குச்சந்தையின் சர்வர் மும்பையில் இருக்கிறது, நாம் மதுரையில் இருந்து ஆர்டர் அனுப்புகிறோம். மும்பையிலேயே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தால் சரியாகிவிடும்.

திருமங்கலத்தான்

நிழல் கணக்கைப் போட்டுவிட்டேன் ஐயா. லைவில் நடந்த 144 வணிகங்களையும் ஒவ்வொன்றாக நிரலின் வணிகத்தோடு இணைத்தேன். நிழலின் சராசரி 24 ரூபாய், லைவ் சராசரி 4, இடைவெளி 20. அந்த இடைவெளியின் திட்ட விலக்கம் 36 ரூபாய்தான்.

சிவா சொன்னதற்கு ஒரு விளக்கம். 9:30-க்கே இரண்டு பக்கத்துக்கும் டிரிக்கர் ஆர்டர் போய்ப் பங்குச்சந்தையில் உட்கார்ந்துவிடுகிறது. விலை உடைபடும் நேரத்தில் என் கணினி எதையும் அனுப்புவதில்லை.

வைகை வடகரை

அப்படியென்றால் இணைய வேகம் இங்கே குற்றவாளியல்ல. கணினி விலையைப் பார்த்துக்கொண்டிருந்து, உடைந்த பிறகு மார்க்கெட் ஆர்டர் அனுப்பும் சிஸ்டங்களுக்குச் சிவா சொல்வது பொருந்தும்.

இப்போது எண்களைப் பாருங்கள். இடைவெளியின் திட்ட விலக்கம் 36 என்றால் 144 வணிகங்களில் அதன் பிழையளவு வெறும் 3 ரூபாய். 20 ரூபாய் இடைவெளி அதைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு, ஆகவே அது தற்செயல் அல்ல. மறுபக்கம், நிழலுக்கும் பேக்டெஸ்ட்டுக்கும் உள்ள 16 ரூபாய்க் குறைவு, 33 ரூபாய்ப் பிழையளவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நீங்கள் சந்தை மாறிவிட்டதோ என்று அஞ்சினீர்கள், ஆனால் கையில் உள்ள சான்று முழுவதும் ஆர்டர் பக்கத்தையே காட்டுகிறது.

அந்த 20 ரூபாயில் ஒரு பகுதிக்குக் கணக்குப் போடவே தேவையில்லை. 2024 அக்டோபர் 1 முதல் ஃபியூச்சர்ஸ் விற்பனை மீதான பரிவர்த்தனை வரி 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக உயர்ந்தது. இலட்சத்துக்கு 12.50 ரூபாயாக இருந்தது 20 ரூபாயாகிவிட்டது. உங்கள் பேக்டெஸ்ட்டில் பழைய வரிதான் இருக்கிறது என்றால், ஒவ்வொரு வணிகத்திலும் 7.50 ரூபாய் உறுதியாகப் போய்விட்டது. மீதி 12.50 ரூபாய் ஸ்லிப்பேஜ், அதாவது நிஃப்டி 25,000-இல் மூன்று புள்ளிக்குச் சற்று அதிகம். உங்கள் நிரல் டிரிக்கர் விலையிலேயே வாங்கியதாக எடுத்துக்கொள்ளும், உண்மையில் அந்த விலையில் நிறைய பேருடைய டிரிக்கர்கள் ஒன்றாக விழுகின்றன.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். 144 லைவ் வணிகங்களை நிழலோடு இணைத்தேன் என்கிறீர்கள். நிழல் பட்டியலில் மொத்தம் எத்தனை வணிகங்கள் இருந்தன? லைவில் இணை இல்லாத வரிகள் ஏதாவது மிஞ்சினவா?

திருமங்கலத்தான்

நிழலில் 151 இருந்தன ஐயா. ஏழு நாள்களில் லைவ் ஆர்டர் நிறைவேறவில்லை. ஸ்டாப் லாஸ் லிமிட் ஆர்டர்தான் பயன்படுத்துகிறேன், டிரிக்கருக்கு மேல் மூன்று புள்ளி வரை லிமிட் கொடுத்திருந்தேன். அந்த ஏழு நாள்களிலும் விலை மூன்று புள்ளியைத் தாவிக் குதித்துப் போய்விட்டது, திரும்பி வரவில்லை. 151-இல் ஏழுதானே என்று அவற்றைச் சேர்க்கவில்லை.

இப்போது எடுத்துப் பார்த்தேன். அந்த ஏழின் நிழல் சராசரி 310 ரூபாய்.

வைகை வடகரை

இந்த ஏழில்தான் கதை இருக்கிறது.

144 வணிகங்களில் நிழலின் கூட்டுத்தொகை 3,456. தவறிய ஏழின் கூட்டுத்தொகை 2,170. மொத்தம் 5,626, அதை 151-ஆல் வகுத்தால் 37 ரூபாய். பேக்டெஸ்ட் எதிர்பார்த்தது 40. சந்தைப் பக்கத்துக் குறைவு என்று நாம் எண்ணியிருந்த 16 ரூபாய் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிட்டது.

பிரேக்அவுட் முறையில் லிமிட் குறுகலாக இருந்தால் எந்த நாள்கள் தவறும் என்று யோசித்துப் பாருங்கள். விலை உடைந்த கணத்திலேயே நிற்காமல் ஓடும் நாள்கள்தான் தவறும், இந்த முறை தன் லாபத்தின் பெரும்பகுதியை அந்த நாள்களில்தான் ஈட்டுகிறது. உடைந்து, தயங்கி, திரும்பி விழும் பொய்யான பிரேக்அவுட் நாள்களில் ஆர்டர் ஒன்றுவிடாமல் நிறைவேறும். லிமிட் ஸ்லிப்பேஜிலிருந்து காப்பதுபோலத் தோன்றினாலும், உண்மையில் அது நல்ல வணிகங்களைத் தேர்ந்தெடுத்து வெளியே தள்ளுகிறது. நிறைவேறிய வணிகங்களை மட்டும் ஒப்பிடுகிறவருக்கு இது கண்ணிலேயே படாது, ஏனென்றால் நடக்காத வணிகத்துக்கு ஒப்பந்தக் குறிப்பில் வரி கிடையாது. ஆகவே ஒப்பீட்டுப் பட்டியலை எப்போதும் சிக்னல்களிலிருந்து தொடங்க வேண்டும், தரகரின் அறிக்கையிலிருந்து அல்ல.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 37 வந்ததால் சந்தையில் இந்த முறைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று நிரூபணமாகவில்லை. அதே 33 ரூபாய்ப் பிழையளவு இங்கேயும் இருக்கிறது. சந்தை மாறிவிட்டது என்பதற்கான சான்று இல்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது.

அகிலா, ஆனையூர்

வடகரை ஐயாவின் பிரிப்பு முறையை ஏற்கிறேன். ஆனால் எல்லோரும் அந்த 40 ரூபாயைக் கேள்வியின்றி எடுத்துக்கொள்கிறீர்கள். 15 நிமிடம் என்ற வரம்பு எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது? 3:15 எப்படி வந்தது? பல அமைப்புகளை ஓட்டிப் பார்த்து அவற்றில் சிறந்ததை எடுத்திருந்தால், அந்த 40-க்குள் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. லைவில் அது கிடைக்காமல் போவதைத் தேய்மானம் என்று சொல்வதே தவறு, அது தொடக்கத்திலிருந்தே இல்லாத ஒன்று.

மெக்லீன், பாண்டிஃப் ஆகிய இருவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பங்குகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளில் வந்த 97 முறைகளை எடுத்துப் பார்த்தார்கள். மூல ஆய்வின் காலத்துக்கு வெளியே லாபம் 26 சதவீதம் குறைந்தது, கட்டுரை வெளியான பிறகு 58 சதவீதம் குறைந்தது. முதல் குறைவு பெரும்பாலும் தேர்வின் மிகை, அதற்கு மேல் குறைந்தது பிறரும் அதையே செய்யத் தொடங்கியதன் விளைவு என்று அவர்கள் கொண்டார்கள். தொடக்க வரம்பு பிரேக்அவுட் எல்லோரும் அறிந்த முறை.

வைகை வடகரை

அகிலா அம்மா சொல்வது நியாயமே. அந்தச் சதவீதங்களை மாதக்கணக்கில் பங்குகளை வைத்திருக்கும் முறைகளிலிருந்து நிஃப்டி இன்ட்ராடேவுக்கு அப்படியே கொண்டுவர நான் தயங்குவேன். ஆனால் மிகையை அளக்க இவருடைய தரவிலேயே ஒரு வழி இருக்கிறது. தம்பி, 15 நிமிடத்துக்குப் பக்கத்தில் உள்ள அமைப்புகளை, 10, 12, 18, 20 நிமிடங்களையும் வெளியேறும் நேரத்தில் அரை மணி முன்னதாகவும் ஓட்டி, அவை எல்லாவற்றின் சராசரியைச் சொல்லுங்கள். உண்மையான காரணத்தால் வரும் லாபம் பக்கத்து அமைப்புகளிலும் இருக்கும்.

திருமங்கலத்தான்

பக்கத்து அமைப்புகளின் சராசரி 28 ரூபாய். எல்லாமே லாபத்தில்தான் இருக்கின்றன, ஆனால் 15 நிமிடமும் 3:15-உம் சேர்ந்ததுதான் எல்லாவற்றிலும் உயரமானது.

15 நிமிடத்தை நான் விரும்பிய எண்ணாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் 15 நிமிடக் கேண்டிலைப் பார்க்கிறார்கள், ஆகவே அதன் உச்சத்தில் அதிக ஆர்டர்கள் இருக்கும் என்ற எண்ணத்தில்தான் தொடங்கினேன். 12 நிமிடத்துக்கு அப்படி ஒரு காரணம் இல்லை. 28-ஐ எடுத்துக்கொள்வது என் முறைக்கு அநீதியாகாதா?

அகிலா, ஆனையூர்

அந்தக் காரணம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதே கூட்டம்தான் உங்களுக்கு மூன்று புள்ளி ஸ்லிப்பேஜையும் தருகிறது என்பதை மறக்காதீர்கள். நான் 28-ஐத்தான் எடுப்பேன்.

உசிலை ராசா

இவ்வளவு கணக்கு வேண்டுமா? என் விதிப்படி பார்த்தால் அண்ணனுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறதே. பேக்டெஸ்ட்டின் உச்ச டிராடவுன் எவ்வளவு?

திருமங்கலத்தான்

இலட்சத்துக்கு 9,200 ரூபாய், எட்டு ஆண்டுகளில். லைவில் இதுவரை மோசமானது 5,100.

வைகை வடகரை

ராசா, முன்கூட்டியே கோடு போட்டு வைப்பதும், நடுவில் மனத்தை மாற்றாமல் இருப்பதும் நல்ல பழக்கங்கள், அவற்றை விடாதீர்கள். கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 9,200-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 13,800. 2025-இன் 75 லாட்டில், நிஃப்டி 25,000 என்றால், ஒப்பந்த மதிப்பு 18.75 இலட்சம், அந்த டிராடவுன் ஏறத்தாழ 2.6 இலட்சம் ரூபாய். ஒரு லாட்டுக்குத் தேவைப்படும் மார்ஜின் அளவுக்கு நட்டமான பிறகு அடிக்கும் மணியால் என்ன பயன்?

பேக்டெஸ்ட்டின் உச்ச டிராடவுன் எட்டு ஆண்டுகளில் ஒரே ஒரு வரிசையில் நடந்தது. அதே வணிகங்கள் வேறு வரிசையில் வந்திருந்தால் அது 6,000 ஆகவோ 12,000 ஆகவோ இருந்திருக்கலாம். மேலும் டிராடவுன் காலத்தோடு வளரும், ஒன்பது மாத லைவை எட்டு ஆண்டு எல்லையோடு ஒப்பிடுவது பொருந்தாது. பேக்டெஸ்ட் வணிகங்களைச் சிறு சிறு தொடர்களாக எடுத்து, 144 வணிகங்கள் கொண்ட பல ஆயிரம் வரிசைகளை உருவாக்கி, ஒவ்வொன்றின் உச்ச டிராடவுனையும் பார்த்து, நூற்றில் ஐந்து வரிசைகள் மட்டுமே தாண்டும் இடத்தில் கோடு போடுங்கள். தனித்தனி வணிகமாகக் குலுக்கினால் அடுத்தடுத்து வரும் நட்டங்கள் கலைந்துபோய் எல்லை குறைவாகத் தெரியும் என்பதால்தான் தொடர்களாக எடுக்கச் சொல்கிறேன்.

```python
import numpy as np

def dd95(r, n=144, block=6, runs=10000, shift=0.0):
    out = []
    for _ in range(runs):
        s = np.random.randint(0, len(r) - block + 1, n // block)
        x = np.concatenate([r[i:i+block] for i in s]) + shift
        e = np.concatenate([[0.0], np.cumsum(x)])
        out.append((np.maximum.accumulate(e) - e).max())
    return np.percentile(out, 95)
```

`r` என்பது பேக்டெஸ்ட் வணிகங்களின் பட்டியல். `shift` என்ற இடத்தில், சராசரி 40-க்குப் பதிலாக 20 என்று வைத்துப் பார்க்க விரும்பினால் `-20` கொடுக்கலாம்.

திருமங்கலத்தான்

ஓட்டினேன். 40 ரூபாய் சராசரியென்றால் எல்லை சுமார் 6,500 வருகிறது. வரியும் ஸ்லிப்பேஜும் கழித்து 20 என்று வைத்தால் சுமார் 8,600. சராசரி குறையும்போது எல்லை கூடுகிறதே, மோசமான சிஸ்டத்துக்கு அதிக இடம் கொடுப்பது போல அல்லவா இருக்கிறது?

வைகை வடகரை

நல்ல கேள்வி, இந்த முறையின் பலவீனமும் அதுதான். மெல்லிய லாபமுள்ள சிஸ்டம் ஆரோக்கியமாக இருக்கும்போதே ஆழமாக விழும், ஆகவே விழுந்ததை வைத்து அதன் நோயை அறிவது கடினமாகிறது. 8,600-இல் கோடு போட்டால், சரியாக இருக்கும் சிஸ்டத்தைத் தவறாக நிறுத்தும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. நிகர சராசரி சுழியமாகிவிட்ட, அதாவது முழுவதும் செத்துப்போன சிஸ்டத்தை அதே 144 வணிகங்களுக்குள் பிடிக்கும் வாய்ப்போ, ஏழில் ஒன்றுக்கு மேல் இல்லை. டிராடவுன் கோடு பணத்தைக் காக்கும் கோடுதான், நோயைக் கண்டுபிடிக்கும் கருவியல்ல. கோடு உங்களால் தாங்க முடியாத தொகையாக இருந்தால் லாட்டைக் குறையுங்கள், அல்லது அந்த சிஸ்டத்தைத் தொடங்காதீர்கள்.

வாராவாரம் சராசரியை எடுத்து, பிழையளவோடு ஒப்பிட்டு, ஒருநாள் எல்லை தாண்டியதும் நிறுத்துவது வேறு ஒரு தவறு. பலமுறை பார்த்தால் ஏதோ ஒரு நாள் தாண்டத்தான் செய்யும், ஐந்து சதவீதம் என்று நினைத்தது அதைப் போலப் பல மடங்காகிவிடும். டிராடவுன் கணக்கில் பாதை முழுவதும் அடங்கியிருப்பதால் அதை நாள்தோறும் பார்க்கலாம், சராசரியை முன்கூட்டியே குறித்த வணிக எண்ணிக்கையில் மட்டும் பார்க்க வேண்டும்.

மேலூர் அண்ணனுக்கு: உங்களுடையது தேய்மானம் அல்ல. நீங்கள் வணிகம் செய்த பொருளே பட்டியலிலிருந்து போய்விட்டது, அந்த முறை அன்றே ஓய்வுபெற்றது, அதற்குப் புள்ளியியல் தேவையில்லை. நிஃப்டியில் நீங்கள் தொடங்கியது புதிய சிஸ்டம், அதற்குப் பேங்க் நிஃப்டியின் பேக்டெஸ்ட் சான்றாகாது.

தம்பிக்கு என் பரிந்துரை இதுதான். லிமிட்டை மூன்றிலிருந்து 15 புள்ளியாக அகலப்படுத்துங்கள். லாட்டைக் குறைந்த அளவில் வைத்து அடுத்த 50 சிக்னல்களுக்கு லைவுக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து வாருங்கள், ஆனால் முடிவை 50-ஆவதில் மட்டும் எடுங்கள். நிழல் பழைய வரியோடும் டிரிக்கர் விலையோடும் இருக்கட்டும், அப்போதுதான் செலவு முழுவதும் இடைவெளியில் தெரியும். அது 20 ரூபாயைத் தாண்டினால், பேக்டெஸ்ட் சொன்ன லாபத்தில் பாதிக்கு மேல் செலவுக்கே போகிறது என்று பொருள், அப்போது மூடிவிடுங்கள். டிராடவுன் 8,600-ஐத் தொட்டாலும் மூடுங்கள். இரண்டையும் இன்றே தேதியிட்டு எழுதி வையுங்கள்.

அகிலா, ஆனையூர்

28-ஐ ஏற்றுக்கொண்டால் பாதி என்பது 14 தானே ஐயா? இப்போதைய 20 ரூபாய் இடைவெளியிலேயே அது தாண்டிவிட்டது.

வைகை வடகரை

உண்மை. ஆனால் லிமிட்டை மாற்றிய பிறகு இடைவெளி என்னவாகும் என்பது இன்னும் அளக்கப்படவில்லை. 50 சிக்னல்களுக்கு ஆகும் செலவு சிறியது, அதில் கிடைக்கும் எண் உறுதியானது. அதனால்தான் 20 என்றேன். நீங்கள் கண்டிப்பானவர், நான் சற்று இளக்கம் காட்டுகிறேன், இதில் எது சரி என்பதற்குச் சூத்திரம் கிடையாது.

மேலூர்க்காரர்

ஐயா சொன்னது புரிந்தது. நிஃப்டி முறைக்குத் தனியாகப் பேக்டெஸ்ட் எடுக்கிறேன். அதுவரை அதை நிறுத்தி வைக்கிறேன்.

திருமங்கலத்தான்

மூன்று மாதங்கள் கழித்து எழுதுகிறேன். 15 புள்ளி லிமிட்டில் ஒரு சிக்னலும் தவறவில்லை. 50 வணிகங்களில் லைவுக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளி சராசரி 23 ரூபாய். அதில் 7.50 வரி, மீதி 15.50 ஸ்லிப்பேஜ். முன்பு தவறவிட்டிருக்கக்கூடிய வேகமான நாள்களில்தான் ஸ்லிப்பேஜ் அதிகம், அந்த நாள்களில் ஏழெட்டுப் புள்ளி வரை போனது. திட்ட விலக்கம் 36 என்ற அதே அளவில் இருப்பதால், இந்த 23-இன் பிழையளவு 5 ரூபாய். ஆகவே 20-ஐத் தாண்டியது உறுதி என்று சொல்ல முடியாது. இந்த மூன்று மாதங்களில் நிழல் நல்ல லாபத்தில் இருக்கிறது, லைவும் சிறு லாபத்தில்தான் இருக்கிறது.

உசிலை ராசா

லாபத்தில் இருக்கும்போது மூடுவதா அண்ணே? இன்னும் 50 பாருங்கள்.

அகிலா, ஆனையூர்

எழுதி வைத்த விதியில் உறுதியாகத் தாண்டினால் என்று இல்லை, சராசரி தாண்டினால் என்றுதான் இருக்கிறது. 28-இல் 23 போனால் ஐந்து ரூபாய் நிற்கிறது. ஒரு லாட்டில் வணிகத்துக்குத் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் சற்று. அதற்காக 8,600 டிராடவுனை, அதாவது லாட்டுக்கு 1.6 இலட்சத்தை, பணயம் வைப்பதா?

வைகை வடகரை

அகிலா அம்மாவோடு இப்போது நானும் உடன்படுகிறேன். பிழையளவு இரண்டு பக்கமும் வேலை செய்யும், 23 என்பது 18 ஆகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம். 28 ஆக இருந்தால் ஒன்றுமே மிஞ்சாது. இதில் சந்தை மாறிவிட்டது என்று நாம் ஒருபோதும் நிறுவவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல் உயிரோடு இருக்கலாம், இந்தச் செலவில் அதை எடுக்க முடியவில்லை.

திருமங்கலத்தான்

மூடிவிட்டேன். நிழல் கணக்கை மட்டும் நாள்தோறும் மாலையில் ஓடவிட்டிருக்கிறேன், அதற்குச் செலவில்லை. தொடக்க வரம்பு குறுகலாக இருக்கும் நாள்களில் மட்டும் வணிகம் செய்தால் ஒரு வணிகத்துக்கான லாபம் கூடுமா, இதே 23 ரூபாய்ச் செலவை அது தாங்குமா என்று பார்க்க விரும்புகிறேன்.

வைகை வடகரை

பாருங்கள், ஆனால் அதற்குப் புதிய பெயர் வையுங்கள். இந்த 200 வணிகங்களைப் பார்த்த பிறகு உங்களுக்குத் தோன்றிய வடிகட்டி அது, ஆகவே இந்தப் பதிவுகள் அதற்குச் சான்றாக மாட்டா. 2016 முதல் 2023 வரையிலான தரவிலும் நீங்கள் ஏற்கெனவே பலமுறை கை வைத்திருக்கிறீர்கள். நிழலில் இனி வரும் நாள்கள் மட்டுமே அதற்கு நேர்மையான தேர்வு. செலவு 23 என்று முதல் வரியிலேயே கழித்துவிட்டுத் தொடங்குங்கள்.